இரண்டு வருடம் என்று எழுதியிருக்கிறது… நிற்குமா?
முதன்முறை வாடகை உடன்படிக்கை வாசிப்பவர்களுக்கு, அரியாலையிலிருந்து ஒரு கையேடு

அரியாலை, மாம்பழம் சந்திக்குக் கிட்ட ஒரு வீடு. முன்விறாந்தையில் நான்கு கதிரை, மேசையில் தேநீர், பக்கத்தில் தட்டச்சு செய்த மூன்று தாள். திறப்பு வைத்திருக்கும் பெரியவர் வீட்டுக்காரியின் தாய்மாமன். வீட்டுக்காரி கனடாவில். எதிரே இளம் தம்பதி, மடியில் குழந்தை. கணவனுக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றல் கிடைத்திருக்கிறது, வருகிற முதலாம் திகதி வேலையில் சேரவேண்டும்.

“இது சும்மா ஒரு முறைக்குத்தான் தம்பி. ரெண்டு வருசத்துக்கு ஒருத்தரும் உங்களை எழும்பச் சொல்லமாட்டினம். ஜே.பி.யிட்டயும் சீல் அடிச்சுத் தாறன். ஒருக்கா வாசிச்சிட்டு சைன் வையுங்கோ.”

தம்பி வாசிக்கிறார். மாத வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு என்பதில்தான் கண் நிற்கிறது. மற்ற வரிகளில் சட்டத் தமிழும் ஆங்கிலமும் கலந்து கிடக்கின்றன. பேனை கைக்கு வருகிறது.

இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல. யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு வீடு எடுத்த எவரும் அடையாளம் காணக்கூடிய ஒரு மாலையை எழுதிக்காட்டினோம். அந்த மூன்று தாளையும் மாதிரியாக வைத்துக்கொள்வோம்: மாத வாடகை 30,000 ரூபாய், காலம் இரண்டு வருடம், முற்பணம் ஆறு மாத வாடகையான 1,80,000 ரூபாய். இனி வரியாக வாசிக்கலாம்.

முதல் கேள்வி: யார் முன்னால் கையெழுத்து?

பெரும்பாலானோர் கடைசியாகப் பார்க்கும் இடத்தை முதலில் பாருங்கள். கடைசித் தாளின் அடியில் யாருடைய சீல் இருக்கிறது?

இலங்கையில் 1840இல் இயற்றப்பட்ட மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 2ஆம் பிரிவு காணி, வீடு தொடர்பான கொடுக்கல் வாங்கல் எப்படி எழுதப்படவேண்டும் என்று சொல்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு வீடு குத்தகைக்குக் கொடுத்தால், அது எழுத்தில் இருக்கவேண்டும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்க, அவர்கள் முன்னால் கையெழுத்து இடப்படவேண்டும். நொத்தாரிசு அதை அத்தாட்சிப்படுத்தவேண்டும். இல்லையென்றால் அந்தக் குத்தகைக்குச் சட்டவலு இல்லை.

நம் மாதிரித் தாளில் இருப்பது சமாதான நீதவானின் சீல். சமாதான நீதவான் நொத்தாரிசு அல்ல. முத்திரை ஒட்டுவதாலோ ஊர்ப் பெரியவர்கள் இருவர் சாட்சி வைப்பதாலோ அந்தக் குறை தீராது. சட்டத்தரணி தட்டச்சு செய்து கொடுத்திருந்தாலும், நொத்தாரிசாக அவர் அத்தாட்சிப்படுத்தியிருந்தால்தான் கணக்கு.

அப்படியானால் அந்தத் தம்பதி சட்டவிரோதமாகக் குடியிருப்பவர்களா? இல்லை. வீட்டுக்குள் வந்து, மாதாமாதம் வாடகை கட்டி, மற்றவர் அதை வாங்கிக்கொண்டால் அவர்கள் மாத வாடகைக் குடியிருப்பாளர்கள் ஆகிறார்கள். அந்த உரிமையைச் சட்டம் மதிக்கிறது. ஆனால் அதன் நீளம் ஒரு மாதம், பிறகு இன்னொரு மாதம் என்று போகும். தாளில் உள்ள “இரண்டு வருடம்” அவர்களைக் காப்பாற்றாது.

விளைவு இதுதான். பத்தாவது மாதத்தில் கனடாவிலிருந்து குடும்பம் திரும்பி வருவதாகச் செய்தி வருகிறது. பொதுச் சட்டப்படி ஒரு முழு நாட்காட்டி மாத அறிவித்தல் கொடுத்தாலே அந்த மாத வாடகைக் குடியிருப்பை முடித்துவிடலாம். குழந்தையைப் பக்கத்துப் பாலர் பாடசாலையில் சேர்த்தாயிற்று, இணைய இணைப்பு எடுத்தாயிற்று, சுவருக்கு வர்ணமும் பூசியாயிற்று. “ரெண்டு வருசம் எண்டு எழுதியிருக்கே” என்று தாளைக் காட்டினால், அந்தத் தாளே அவர்களுக்கு எதிராகப் பேசும்.

இதே குறை வீட்டுக்காரரையும் பாதிக்கிறது. குடியிருப்பவர் மூன்றாம் மாதமே ஒரு மாத அறிவித்தல் கொடுத்துவிட்டுப் போனால் மிச்ச இருபது மாத வாடகையைக் கேட்க அவரிடம் நல்ல ஆயுதம் இல்லை. ஆகவே நொத்தாரிசிடம் போவோம் என்று கேட்பதை வீட்டுக்காரர் மேல் சந்தேகப்படுவதாக யாரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இரண்டு பக்கத்துக்கும் அதே பாதுகாப்புத்தான்.

[பெட்டி] தமிழ்நாட்டு ‘11 மாதம்’ இங்கே செல்லாது

யூடியூப்பில் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பலர், “பதினொரு மாதத்துக்கு எழுதினால் பதிவு தேவையில்லை” என்கிறார்கள். அது இந்தியாவின் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து பிறந்த வழக்கம். அந்தச் சட்டம் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைகளுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. இலங்கையில் எல்லை ஒரு வருடம் அல்ல, ஒரு மாதம். பதினொரு மாத உடன்படிக்கைக்கும் இங்கே நொத்தாரிசு வேண்டும்.

நொத்தாரிசுக்குப் பிறகு காணிப் பதிவகம்

நொத்தாரிசு உறுதி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. உறுதியை யாழ்ப்பாணம் காணிப் பதிவகத்தில் பதிவது தனி வேலை. சிலர் செலவைப் பார்த்து இதை விட்டுவிடுகிறார்கள்.

நமது பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டத்தில் குடியிருப்பவருக்குச் சாதகமான பழைய விதி ஒன்று உண்டு. குத்தகை இருக்கும்போதே வீடு விற்கப்பட்டால், வாங்கியவர் அந்தக் குத்தகையையும் ஏற்றுக்கொண்டே வாங்குகிறார்; காலம் முடியும்வரை உங்களை எழுப்ப முடியாது. ஆனால் அவர் தன் உறுதியைப் பதிந்திருக்க, உங்கள் குத்தகை உறுதி பதியப்படாமல் கிடந்தால், பதிவில் முந்தியவருக்கே முன்னுரிமை கிடைக்கும் ஆபத்து வருகிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் திடீரென வீடு விற்கும் ஊர் இது. பதிவுக்கான பணம் வீணல்ல.

பதியப் போகும்போதே அந்தக் காணியின் பதிவேட்டுப் பக்கத்தையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். வீடு ஏற்கனவே வங்கியில் ஈடு வைக்கப்பட்டிருந்தால், அந்த ஈடு உங்கள் குத்தகைக்கு முந்தியது. கடன் கட்டப்படாமல் வங்கி விற்றால் உங்கள் இரண்டு வருடம் கேள்விக்குள்ளாகும். வழக்கு ஏதும் பதியப்பட்டிருந்தால் அதுவும் அந்தப் பக்கத்திலேயே தெரியும்.

இந்தச் செலவுகளை (நொத்தாரிசு கட்டணம், முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம்) யார் கட்டுவது என்பது பேச்சில் முடிவாகும் விடயம். முத்திரைத் தீர்வை மொத்த வாடகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆகவே கையெழுத்துக்கு முன்பே தொகையைக் கேட்டு, யார் பொறுப்பு என்பதை ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

வீட்டுக்காரர் என்று எழுதியிருப்பவர் யார்?

மாதிரித் தாளின் முதல் பந்தியில், “வீட்டுச் சொந்தக்காரர்” என்ற இடத்தில் தாய்மாமனின் பெயர் இருக்கிறது. இங்கேதான் யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல் ஒன்று வருகிறது.

இங்கே பல வீடுகள் மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுக்கப்பட்டவை. வீட்டில் இருப்பவர் தாய், திறப்பு வைத்திருப்பவர் மாமன், வாடகை வாங்குபவர் தகப்பன் என்று இருக்கலாம். உறுதி மகளின் பெயரில் இருக்கும். உறுதிப் பிரதியைக் கேட்டு வாங்கி அதில் இருக்கும் பெயரையும் உடன்படிக்கையில் இருக்கும் பெயரையும் ஒப்பிடுங்கள். அடையாள அட்டை இலக்கம்வரை பாருங்கள்.

உறுதி திருமணமான பெண்ணின் பெயரில் இருந்தால் இன்னொரு கையெழுத்தும் தேடவேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட பெண், தனக்கே சொந்தமான காணியையும் வீட்டையும் உயிரோடிருக்கும்போது பிறருக்குக் கையளிக்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகளும் வழியுரிமையும் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஒரு பெண் தன் சொத்தைக் கையாளக் கணவனின் கையெழுத்தைக் கேட்கும் இந்த விதி அநீதியானது, மாற்றப்படவேண்டும். ஆனால் அது சட்டப் புத்தகத்தில் இருக்கும்வரை, அந்தக் கையெழுத்து இல்லாத குத்தகை உறுதியின் சுமை குடியிருப்பவர் தலையிலும் விழுகிறது. கணவன் பிரிந்துபோயிருந்தாலோ சம்மதம் தர மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அதற்குப் பதிலாக அனுமதி கேட்க அதே சட்டத்தில் வழி உண்டு.

சொந்தக்காரி வெளிநாட்டில் என்றால், இங்கே கையெழுத்து வைப்பவரிடம் அற்றோணித் தத்துவம் இருக்கவேண்டும். அதைக் கையில் வாங்கி வாசியுங்கள். “காணியைப் பராமரிக்க”, “வழக்குப் பேச” என்று மட்டும் எழுதப்பட்ட தத்துவம் போதாது. குத்தகைக்குக் கொடுக்கவும் வாடகை வாங்கவும் அதிகாரம் என்று அதில் தெளிவாக இருக்கவேண்டும். அது இலங்கையில் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் நொத்தாரிசு பார்த்துச் சொல்வார். தத்துவம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். வயதான சொந்தக்காரர் என்றால் இது வெறும் எச்சரிக்கை அல்ல. வாட்ஸ்அப் அழைப்பில் “மாமா சொன்னா நான் சொன்ன மாதிரித்தான்” என்று வீட்டுக்காரி சொல்வது அன்பான வார்த்தை. நீதிமன்றத்தில் அது தத்துவம் ஆகாது.

1,80,000 ரூபாய் எந்த வகைப் பணம்?

மாதிரித் தாளில் மூன்றாவது பந்தி: “குடியிருப்பவர் ரூபா 1,80,000 முற்பணமாகச் செலுத்தியுள்ளார்.” அதற்கு மேல் ஒன்றுமில்லை. சண்டைகள் அதிகம் பிறப்பது இந்த ஒற்றை வரியிலிருந்துதான்.

முற்பணம் இரண்டு வகை. ஒன்று, மாதாமாதம் வாடகையில் கழிந்துபோகும் பணம். மற்றது, கழியாமல் வைத்திருந்து வீட்டை விடும்போது திருப்பிக் கொடுக்கும் வைப்புப் பணம். எது என்று தாள் சொல்லவேண்டும்.

கழியும் வகை என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். 1,80,000 ரூபாயை 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 7,500. ஆகவே 30,000 ரூபாய் வாடகையில் கையில் கொடுக்கவேண்டியது 22,500. பத்து மாதம் முடிந்து வீட்டை விட்டால் 75,000 கழிந்திருக்கும், 1,05,000 மிச்சம். கேள்வி அந்த மிச்சம்தான். திறப்பைக் கொடுக்கும் அன்றே தருவார்களா, ஒரு மாதம் கழித்தா, அடுத்த ஆள் முற்பணம் கட்டிய பிறகா? தாள் மௌனமாக இருந்தால் “புது ஆள் வந்தவுடனே தாறம்” என்ற பதில் வரும். புது ஆள் வர ஆறு மாதம் ஆகலாம். உங்களுக்கோ அடுத்த வீட்டு முற்பணம் இந்தக் கிழமை வேண்டும்.

ஆகவே இந்த வரியை இப்படி நீட்டச் சொல்லுங்கள்: “முற்பணம் ரூபா 1,80,000 மாதம் ரூபா 7,500 வீதம் வாடகையில் கழிக்கப்படும். எக்காரணத்தால் குடியிருப்பு முடிந்தாலும் கழியாத மிகுதி, வீடு கையளிக்கப்படும் நாளிலேயே திருப்பிக் கொடுக்கப்படும்.”

“காலத்துக்கு முன் வெளியேறினால் முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது” என்ற வரி தென்பட்டால் நில்லுங்கள். மாற்றல் வரக்கூடிய அரச ஊழியருக்கும் வங்கி ஊழியருக்கும் அந்த வரி பத்தாம் மாதத்தில் 1,05,000 ரூபாய் இழப்பு. அதை எடுக்க மறுத்தால், இரண்டு மாத அறிவித்தல் கொடுத்து வெளியேறினால் அந்த வரி பொருந்தாது என்று ஒரு விலக்கையாவது சேர்க்கக் கேளுங்கள். நொத்தாரிசு உறுதியில் இரண்டு வருடம் என்று நிச்சயித்த பிறகு, இடையில் போகும் உரிமை எழுதியிருந்தால்தான் உண்டு. எழுதாவிட்டால் மிச்ச மாத வாடகையையும் கேட்கலாம்.

பணம் எவ்வளவானாலும் வங்கி ஊடாகவே அனுப்புங்கள். கையில் கொடுத்தால் திகதியுடன் ரசீது வாங்குங்கள். உடன்படிக்கையே சட்டவலு இல்லாமல் போனாலும் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை போய்விடாது; ஆனால் கொடுத்ததை நிரூபிக்கவேண்டியவர் நீங்கள்.

[பெட்டி] திறப்பு வாங்கும் நாளில்

மின்மானி, தண்ணீர்மானி வாசிப்பைப் படம் எடுங்கள். சுவர் வெடிப்பு, உடைந்த பூட்டு, ஒழுகும் ஓடு எல்லாவற்றையும் படம் எடுங்கள். மின்விசிறி, தண்ணீர் மோட்டர், தாங்கி, அலுமாரி எத்தனை, எந்த நிலையில் என்று ஒரு பட்டியல் எழுதி இரு பக்கமும் கையெழுத்து வையுங்கள். வீட்டை விடும்போது “இது நீங்கள் உடைச்சது” என்ற பேச்சுக்கு இந்தப் பட்டியல் பதில் சொல்லும். சாதாரணப் பாவனையால் வரும் தேய்வுக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்ற வரியும் உறுதியில் இருக்கட்டும்.

கரண்டும் கிணறும் தென்னையும்

“மின்சாரக் கட்டணம் குடியிருப்பவர் பொறுப்பு” என்ற வரி நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரே மானியில் இரண்டு குடும்பம் இருந்தால்? வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம் படிமுறையானது. அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடும். முன்பகுதியில் வீட்டுக்காரரும் பின்பகுதியில் நீங்களும் ஒரே மானியில் இருந்தால், தனித்தனியாக 60, 60 அலகு எரிப்பவர்கள் சேர்ந்து 120 அலகு எரிப்பவர்களாகி மேற்படிக்குப் போகிறீர்கள். பாதிப் பாதி என்று பிரித்தாலும் இருவருக்கும் நட்டம். ஒருவர் குளிரூட்டி பாவித்தால் மற்றவர் நட்டம் இன்னும் கூடும். தனி மானி கேளுங்கள். முடியாவிட்டால் உள்மானி ஒன்று பூட்டி, அதன் வாசிப்புப்படி பிரிப்பது என்று எழுதுங்கள். மின்பட்டியல் வீட்டுக்காரர் பெயரில் வருவதால், நீங்கள் வரும் முன் இருந்த நிலுவை உங்களுடையதல்ல என்பதையும் எழுதுங்கள். இணைப்பைத் துண்டிக்க வருபவர் யாருடைய நிலுவை என்று கேட்கமாட்டார்.

தண்ணீர் விடயத்தில் யாழ்ப்பாணத்து உறுதிகள் கவனமானவை. காணி விற்கும்போது கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காற் பங்கும் தனியாக எழுதப்படும். வாடகை உடன்படிக்கையில்தான் அதை மறந்துவிடுகிறோம். கிணறு பொதுவா, மோட்டர் யாருடையது, பழுதானால் யார் செலவு, பக்கத்து வீட்டுக்காரர் எந்நேரம் தண்ணீர் அள்ளுவார் என்று கேளுங்கள். கடலேரிப் பக்கத்து வீடுகளில் கோடையில் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டே பேசுங்கள். மாரியில் நன்னீராக இருந்த கிணறு ஆவணியில் உவர்க்கலாம். குடிதண்ணீருக்குப் பவுசர் வாங்கவேண்டி வந்தால் அது மாதச் செலவில் சேரும்.

வளவுத் தென்னைகளின் தேங்காய் யாருக்கு? மாமரமும் முருங்கையும்? சின்ன விடயம் போலத் தோன்றும். ஆனால் “தேங்காய் புடுங்க” என்று மாமன் மாதாமாதம் படலையைத் திறந்துகொண்டு வருவது, வீட்டுக்குள் வரும் உரிமை பற்றிய விடயமும்தான். பலன் யாருக்கு என்பதை எழுதி, வீட்டுக்காரர் வரமுன் ஒரு நாள் முன்னறிவித்தல் தரவேண்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். சோலைவரி வீட்டுக்காரருடையது என்பதும் அப்படியே.

எழும்பச் சொல்லும் நாள்

மாதிரித் தாளின் கடைசிப் பந்தி: “வாடகை ஒரு மாதம் தவறினாலும் சொந்தக்காரர் எவ்வித அறிவித்தலுமின்றி வீட்டை உடனடியாகக் கையேற்கலாம்.” இதை வாசித்துப் பயந்து பலர் இரவோடிரவாகச் சாமான் கட்டியிருக்கிறார்கள்.

நீங்கள் கையெழுத்து வைத்திருந்தாலும், வீட்டுக்காரர் தானே பூட்டை உடைத்து, சாமானை வெளியே போட்டு, கரண்டை வெட்டி உங்களை வெளியேற்ற முடியாது. வெளியேற்றுவது நீதிமன்றத்தின் வேலை. அப்படிப் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்கு இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டம், 66ஆம் பிரிவு. சமாதானக் குலைவு வரக்கூடிய காணித் தகராறாக இதைக் கொண்டுபோகலாம். வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் போயிருந்தால், உங்களை மீண்டும் உள்ளே விட நீதிமன்றம் கட்டளையிடலாம். இரண்டு மாதம் தாண்டினால் இந்தக் கதவு மூடிவிடும். “பேசித் தீர்ப்பம்” என்று காத்திருந்தே பலர் இதை இழக்கிறார்கள். மற்றது, ஒரு வருடத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் உடைமை வழக்கு. அது மெதுவானது.

அறிவித்தல் வந்தால் திகதியைப் பாருங்கள். முதலாம் திகதி தொடங்கும் மாத வாடகைக்கு, மே 12ஆம் திகதி கிடைத்த அறிவித்தல் ஜூன் 12இல் வெளியேறச் சொன்னால் அது சரியல்ல. ஒரு முழு மாதம் என்றால் ஜூன் முழுவதும். வெளியேறவேண்டிய நாள் ஜூன் 30.

பழைய வாடகைச் சட்டம் (1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கம்) தங்களைக் காப்பாற்றும் என்று நம்புவோர் இன்னும் இருக்கிறார்கள். 1980இலும் 2002இலும் வந்த திருத்தங்கள் பெருந்தொகையான வீடுகளை அதன் வெளியே கொண்டுபோய்விட்டன. அண்மையில் வாடகைக்கு விடத் தொடங்கிய வீட்டில் இருப்பவர் அதை நம்பியிருக்கக்கூடாது. அதற்கு மாறாக, குத்தகைக்குக் கொடுத்த இடங்களின் உடைமையை மீட்பதற்கான 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வீட்டுக்காரருக்கு விரைவான பாதை ஒன்றைத் திறந்திருக்கிறது. இதன்படி மாவட்ட நீதிமன்றம் முதலிலேயே ஒரு முதற்கட்டத் தீர்ப்பை எழுதும். குடியிருப்பவர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுத்தான் அதற்கு எதிராகக் காரணம் காட்டலாம். காட்டாவிட்டால் அந்தத் தீர்ப்பு உறுதியாகும். ஆகவே நீதிமன்றக் கடிதம் வந்தால் அலுமாரியில் வைக்காமல், அதில் உள்ள திகதிக்கு முன் சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள்.

அந்த மாலையில் செய்யக்கூடியது

நமது தம்பதி மாமனோடு முரண்படத் தேவையில்லை. “ஐயா, வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. இந்தத் தாளை ரெண்டு நாளுக்குக் கொண்டுபோய் வாசிச்சிட்டு வாறம். உறுதிப் பிரதியும் தத்துவமும் தந்தால் நொத்தாரிசிட்டக் காட்டிப்போட்டு அங்கயே கையெழுத்து வைப்பம்” என்று சொன்னால் போதும். அவசரம் என்றால், நொத்தாரிசு உறுதி முடியும்வரை மாத வாடகைக்கு மட்டும் இருந்துகொண்டு, ஒரு மாத வாடகையை மட்டும் ரசீதுடன் கொடுக்கலாம். ஆறு மாதப் பணத்தை அதற்கு முன் கொடுக்காதீர்கள்.

உறுதி ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தமிழில் உறுதி எழுதும் நொத்தாரிசுகள் யாழ்ப்பாணத்தில் தாராளமாக இருக்கிறார்கள். வாசித்து விளங்கப்படுத்தச் சொல்வது உங்கள் உரிமை.

சட்டத்தரணிக்குப் பணம் கட்ட வசதி இல்லாதவர்கள், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போகலாம். பிரச்சினை வந்த பிறகு போவதைவிட, கையெழுத்து வைக்குமுன் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.